ஆஃபர் லெட்டரின் இரண்டாம் பக்கம்

நேர்முகத் தேர்வு முடிந்து சில நாள் கழித்து மின்னஞ்சலில் ஒரு பிடிஎஃப் வருகிறது. முதல் பக்கத்தில் வாழ்த்து, பதவியின் பெயர், சேர வேண்டிய தேதி, தடித்த எழுத்தில் ஆண்டுச் சம்பளத் தொகை. அந்தத் தொகையைப் பார்த்ததுமே வீட்டில் செய்தி பரவிவிடுகிறது. பெரியப்பா போன் செய்து, "மாசம் எவ்வளவுப்பா வரும்?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு முதல் பக்கத்தில் பதில் இருக்காது. இரண்டாம் பக்கத்திலோ மூன்றாம் பக்கத்திலோ 'அனெக்ஸர்' என்ற தலைப்பில் ஓர் அட்டவணை இருக்கும். பதில் அங்கேதான் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அதைப் படிப்பது முதல் மாதச் சம்பளம் குறைவாக வந்த பிறகுதான்.

கடிதத்தில் பதவி, சம்பளம், தகுதிகாண் காலம், பதில் சொல்லக் கடைசி நாள் என்று நான்கு விஷயங்கள் தனித்தனித் தலைப்புகளில் இருக்கும். நான்கையும் சேர்த்து வைத்துப் படித்தால்தான் அந்த வேலை உண்மையில் என்ன தருகிறது என்பது தெரியும். தகுதிகாண் காலம் பற்றிய ஒரு வரி, சம்பள அட்டவணையில் இருக்கும் ஒரு தொகையைக் கரைத்துவிடக்கூடும். ஒரு மாதிரிக் கடிதத்தை வைத்துக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

சென்னையில் ஒரு தனியார் நிறுவனம், ஆண்டுக்கு 7,20,000 ரூபாய் 'சிடிசி' என்று கடிதம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 60,000. ஆனால் சிடிசி என்பது ஓர் ஊழியருக்காக நிறுவனம் ஒரு வருடத்தில் செய்யும் மொத்தச் செலவு. அதில் ஊழியரின் கைக்கே வராத பணமும் உண்டு.

அட்டவணையில் அடிப்படைச் சம்பளம் மாதம் 25,000, வீட்டு வாடகைப் படி 12,500, சிறப்புப் படி 12,500 என்று இருக்கிறது. மூன்றும் சேர்ந்து மாதம் 50,000, வருடத்துக்கு 6,00,000. மீதி 1,20,000 எங்கே போயிற்று? அட்டவணையின் கீழ்ப்பகுதியில் நான்கு வரிகளில் இருக்கிறது. நிறுவனம் கட்டும் பிஎஃப் பங்கு 21,600. பணிக்கொடை 14,430. குழு மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் 11,970. செயல்பாட்டை ஒட்டிய ஊதியம், அதாவது 'வேரியபிள் பே', 72,000.

இந்த நான்கும் ஒரே மாதிரியானவை அல்ல. பிஎஃப் உங்கள் பெயரில் சேரும் பணம். 15,000 ரூபாய் ஊதிய உச்சவரம்பில் 12 சதவீதம் என்று கணக்கிட்டு மாதம் 1,800 கட்டுகிறார்கள். சில நிறுவனங்கள் முழு அடிப்படைச் சம்பளத்திலும் 12 சதவீதம் கட்டும். அப்போது இந்த உதாரணத்தில் அது 3,000 ஆகும். இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும்போது இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கையில் குறைவாக வந்தாலும் கணக்கில் கூடுதலாகச் சேர்கிறது.

பணிக்கொடை அப்படியல்ல. ஒவ்வொரு வருடப் பணிக்கும் பதினைந்து நாள் சம்பளம் என்பது அதன் கணக்கு. மாதத்தை 26 வேலைநாளாக எடுத்துக்கொள்வதால், வருடத்துக்கு அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் வரும். நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருடத் தொடர்ச்சியான பணி முடிந்தால்தான் அது கைக்கு வரும். மூன்றாம் வருடத்தில் விலகுபவருக்கு அந்த வரியில் எழுதியிருந்த தொகை கிடைக்காது. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் சேர்பவருக்கு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி ஒரு வருடம் போதும். ஆகவே உங்கள் வேலை நிரந்தரமா, குறிப்பிட்ட காலத்துக்கா என்பதையும் கடிதத்தில் தேடிப் பார்க்க வேண்டும்.

காப்பீட்டுப் பிரீமியத்தை நிறுவனம் உங்களுக்காகக் கட்டுகிறது. நோய் வந்தால் உதவும். மாதச் செலவுக்கு உதவாது.

இப்போது மாதம் கைக்கு வருவதைப் பார்ப்போம். 50,000 ரூபாயிலிருந்து ஊழியரின் பிஎஃப் பங்கு 1,800 போகும். சென்னை மாநகராட்சிக்குத் தொழில்வரி அரையாண்டுக்கு 1,250. மாதத்துக்குப் பிரித்தால் சுமார் 208. வருமான வரிக்குக் கவலை வேண்டாம். 2025-26 நிதியாண்டிலிருந்து, புதிய வரிமுறையில் 12,75,000 வரை சம்பளம் வாங்குபவர் வரி கட்ட வேண்டியதில்லை. ஆக, கைக்கு வருவது ஏறக்குறைய 48,000. பெரியப்பாவுக்குச் சொல்ல வேண்டிய எண் இதுதான்.

இதே நேரத்தில் இன்னொரு நிறுவனம் 6,60,000 தருவதாகச் சொல்கிறது. முதல் பார்வையில் வருடத்துக்கு அறுபதாயிரம் குறைவு. அங்கே வேரியபிள் பே கிடையாது. காப்பீட்டுப் பிரீமியத்தை சிடிசிக்கு வெளியே நிறுவனமே ஏற்றுக்கொள்கிறது. அடிப்படைச் சம்பளம் அதே 25,000 என்று வைத்து பிஎஃப், பணிக்கொடை இரண்டை மட்டும் கழித்தால், மாதம் சுமார் 52,000 நிற்கிறது. பிடித்தங்கள் போகக் கைக்கு வருவது ஏறக்குறைய 50,000. குறைந்த தொகை எழுதிய கடிதம் மாதம் இரண்டாயிரம் கூடுதலாகத் தருகிறது. அந்த 72,000 வேரியபிள் பே முழுசாக வந்தால் முதல் நிறுவனம்தான் மேல். வருமா என்பதுதான் கேள்வி. அதற்கான விடை சம்பள அட்டவணையில் இல்லை, தகுதிகாண் பத்தியில் இருக்கிறது.

அந்தப் பத்தியில் வழக்கமாக இப்படி ஒரு வாசகம் வரும்: சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதம் தகுதிகாண் காலம், வேரியபிள் பே பணி உறுதியான தேதியிலிருந்து கணக்கிடப்படும், வழங்கும் நாளில் நிறுவனத்தின் பணியில் இருப்பவருக்கும், ராஜினாமா கொடுக்காதவருக்கும் மட்டுமே அது தரப்படும். ஆகஸ்ட் 1 அன்று ஒருவர் சேர்கிறார். தகுதிகாண் காலம் ஜனவரி 31 அன்று முடிகிறது. நிறுவனத்தின் கணக்காண்டு மார்ச் 31 அன்று முடிகிறது. சேர்ந்ததிலிருந்து எட்டு மாதம் வேலை பார்த்திருக்கிறார். மாதத்துக்கு 6,000 என்று மனக்கணக்குப் போட்டவர் 48,000 எதிர்பார்ப்பார். கணக்கில் வருவதோ பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதம்தான், அதாவது 12,000. அதுவும் இலக்கை முழுவதும் எட்டினால். நிறுவனத்தின் லாபமும் அந்த வாய்ப்பாட்டில் சேர்ந்திருந்தால் அவர் கையில் இல்லாத காரணங்களாலும் அது குறையும். பணம் வருவதற்குள் ஜூனும் ஆகிவிடலாம்.

இதில் மோசடி எதுவும் இல்லை. எல்லாம் எழுதியே கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஒரு பக்கத்தில் இருக்கும் எண்ணையும் இன்னொரு பக்கத்தில் இருக்கும் நிபந்தனையையும் சேர்த்துப் படிக்காதவர் ஏமாந்தது போலத்தான் உணர்வார். கையெழுத்துக்கு முன் ஹெச்ஆரிடம் கேட்க ஒரே ஒரு கேள்விக்குத்தான் இடம் என்றால், நான் கேட்கச் சொல்வது இதைத்தான்: கடந்த வருடம் இதே நிலையில் இருந்தவர்களுக்கு வேரியபிள் பே எத்தனை சதவீதம் வழங்கப்பட்டது? எண் சொல்லிப் பதில் வந்தால் நம்பிக்கை வைக்கலாம். 'பொதுவாக நன்றாகவே தருவோம்' என்று வந்தால், அந்த 72,000 ரூபாயை இல்லையென்றே வைத்துக் குடும்பக் கணக்கைப் போடுங்கள்.

தகுதிகாண் காலத்தில் இன்னும் இரண்டு விஷயங்கள் ஒளிந்திருக்கும். ஒன்று, அது தானாக முடிகிறதா என்பது. 'எழுத்துப்பூர்வமாக உறுதிசெய்யப்படும்வரை தகுதிகாண் காலம் தொடர்வதாகக் கருதப்படும்' என்று ஒரு வரி இருந்தால், ஆறு மாதம் முடிந்துவிட்டது என்று நாமே சந்தோஷப்பட்டுக்கொள்ள முடியாது. உறுதிக் கடிதம் வராதவரை விடுப்பு, வேரியபிள் பே, நோட்டீஸ் காலம் எல்லாம் பழைய நிலையிலேயே நிற்கும். எத்தனை முறை நீட்டிக்கலாம், அதிகபட்சம் எவ்வளவு என்று கடிதம் சொல்கிறதா என்று பாருங்கள். சொல்லவில்லை என்றால் கேளுங்கள். ஐந்தாம் மாதம் முடியும்போதே மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி மதிப்பீடு எப்போது என்று விசாரிப்பவருக்கு உறுதிக் கடிதம் நேரத்துக்கு வந்துவிடுவது வழக்கம். யாரும் கேட்காத கோப்பு தூங்கிப்போகிறது.

இன்னொன்று நோட்டீஸ். தகுதிகாண் காலத்தில் நிறுவனம் 15 நாள் நோட்டீஸில், சில கடிதங்களில் நோட்டீஸே இல்லாமல், அனுப்பிவிடலாம் என்று இருக்கும். அதே பத்தியில் ஊழியர் விலகினால் 60 நாள் என்று இருப்பதும் உண்டு. இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். உறுதியான பிறகு 90 நாள் ஆகும் என்றால், அடுத்த வேலைக்குப் போகும்போது அதுவே பெரிய தடையாக நிற்கும். மூன்று மாதம் காத்திருக்க எல்லா நிறுவனங்களும் தயாராக இருப்பதில்லை.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பிரிவு உண்டு. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவு, தொடர்ந்து ஆறு மாதத்துக்குக் குறையாமல் பணியாற்றிய ஒருவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான ஊதியமோ இல்லாமலும் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. ஒழுங்கீனம் விசாரணையில் நிரூபணமானால் நோட்டீஸ் வேண்டியதில்லை. நீக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யவும் அதே பிரிவில் வழி இருக்கிறது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. மற்ற அலுவலக ஊழியர்களில் பெரும்பாலோருக்குப் பொருந்தும். இந்தப் பாதுகாப்பு ஆறு மாதப் பணியை வைத்து வருகிறதே தவிர, உறுதிக் கடிதத்தை வைத்து வருவதில்லை. தகுதிகாண் காலத்தை ஒரு வருடமாக வைத்திருக்கும் கடிதம், எட்டாம் மாதத்தில் ஒருவரை ஒரே நாளில் அனுப்பலாம் என்று சொன்னாலும், அந்த வரி சட்டத்துக்கு முன் அப்படியே நிற்கும் என்று நினைக்க வேண்டாம்.

பிஎஃப் விஷயத்திலும் இதே போன்ற ஒரு தவறான பழக்கம் சிறு நிறுவனங்களில் இருக்கிறது. 'உறுதியான பிறகுதான் பிஎஃப்' என்பார்கள். பிஎஃப் சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனத்தில், 15,000 வரம்புக்குள் ஊதியம் வாங்குபவருக்கு முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். தகுதிகாண் காலத்துக்கு அதில் விலக்கு இல்லை.

பதவியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெயர் எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும், அது எந்த கிரேடு, யாரிடம் அறிக்கை கொடுக்க வேண்டும், எந்த ஊர், எந்த ஷிஃப்ட் என்ற நான்கும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 'இந்தியாவில் எந்த அலுவலகத்துக்கும் மாற்றப்படலாம்' என்ற வரி கிட்டத்தட்ட எல்லாக் கடிதங்களிலும் இருக்கும். வயதான பெற்றோரை விட்டுப் போக முடியாத ஒருவருக்கு அந்த ஒரு வரி சம்பளத்தைவிட முக்கியமானது.

கடைசியாக, எல்லோரையும் பதற வைக்கும் அந்தத் தேதி. 'மூன்று நாட்களுக்குள் கையெழுத்திட்டு அனுப்பாவிட்டால் இந்த வாய்ப்பு தானாகக் காலாவதியாகும்.' இது வெறும் மிரட்டல் இல்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதைத்தான் சொல்கிறது. முன்மொழிவில் ஏற்புக்கு ஒரு காலம் குறிப்பிட்டிருந்தால், அந்தக் காலம் கடந்ததும் முன்மொழிவு இல்லாமல் போகிறது என்பது அதன் 6ஆம் பிரிவு. தேதி தாண்டிய மறுநாள் காலை கையெழுத்துப் போட்டு அனுப்பினால், நிறுவனம் பெருந்தன்மையாக ஏற்கலாம். ஏற்றாக வேண்டிய கட்டாயம் இல்லை.

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதற்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது. வெள்ளிக்கிழமைவரை நேரம் கொடுத்துவிட்டார்கள், அதுவரை வேலை நமக்காகக் காத்திருக்கும் என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. 5ஆம் பிரிவின்படி, ஏற்பு அனுப்பப்படும்வரை முன்மொழிந்தவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். வெள்ளிக்கிழமை கெடு என்றாலும் புதன்கிழமையே 'இந்தப் பதவி நிரப்பப்பட்டுவிட்டது' என்று மின்னஞ்சல் வரலாம். கெடு உங்களைத்தான் கட்டுகிறது. நிறுவனத்தை அந்த அளவுக்குக் கட்டுவதில்லை.

இன்னும் நுணுக்கமானது 7ஆம் பிரிவு. ஏற்பு முழுமையானதாகவும் நிபந்தனை இல்லாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது அது. 'வேரியபிள் பேயைச் சம்பளத்தோடு சேர்த்துத் தந்தால் சம்மதம்' என்று எழுதி அனுப்பினால் அது ஏற்பு ஆகாது. அது நீங்கள் வைக்கும் புதிய முன்மொழிவு. பழையதை நீங்களே நிராகரித்ததாக எடுத்துக்கொள்ள இடம் கொடுக்கிறது. அதன் பிறகு 'சரி, பழையபடியே வருகிறேன்' என்று சொன்னால், நிறுவனம் மறுக்க வழி திறந்துவிடுகிறது. ஆகவே பேரம் பேசுவதையும் விளக்கம் கேட்பதையும் கலந்துவிடக் கூடாது. கடிதம் வந்த முதல் நாளே இந்த மாதிரி ஒரு மின்னஞ்சல் போதும்:

'கடிதம் கிடைத்தது, நன்றி. இந்தப் பணியில் எனக்கு விருப்பம் உண்டு. முடிவைத் தெரிவிக்கும் முன் மூன்று விளக்கங்கள் தேவை. வேரியபிள் பே சேரும் நாளிலிருந்து கணக்கிடப்படுமா, பணி உறுதியான நாளிலிருந்தா? தகுதிகாண் காலத்தில் இரு தரப்புக்கும் நோட்டீஸ் எத்தனை நாள்? இப்போதைய நிறுவனத்தில் எனக்கு 90 நாள் நோட்டீஸ் இருப்பதால் சேரும் தேதியை மாற்ற முடியுமா? பதில் கிடைத்ததும் முடிவைச் சொல்ல வசதியாக, கெடுவைத் திங்கட்கிழமைவரை நீட்டித்துத் தர வேண்டுகிறேன்.'

இதில் எங்கும் நிபந்தனை இல்லை, கேள்விகள் மட்டுமே இருக்கின்றன. முன்மொழிவு அப்படியே உயிரோடு இருக்கிறது. பதில் மின்னஞ்சலிலேயே வர வேண்டும். ஹெச்ஆர் போனில் சொன்னால், பேசி முடித்ததும், 'சற்றுமுன் நீங்கள் சொன்னபடி வேரியபிள் பே சேரும் நாளிலிருந்தே கணக்கிடப்படும் என்று புரிந்துகொள்கிறேன்' என்று நாமே எழுதி அனுப்பிவிட வேண்டும். கெடுவை நீட்டித்தார்கள் என்றால் அதுவும் எழுத்தில் இருக்க வேண்டும்.

அந்த 90 நாள் நோட்டீஸ் கேள்விக்குத் தனி கனம் உண்டு. புதிய நிறுவனம் 30 நாளில் சேரச் சொல்கிறது, பழைய நிறுவனம் 90 நாள் இருக்கச் சொல்கிறது என்றால், மிச்ச 60 நாளுக்கான பணத்தைக் கட்டி வெளியேற வேண்டிவரும். பழைய நிறுவனத்தில் மாதம் 40,000 என்றால் அது 80,000 ரூபாய். புதிய நிறுவனம் அதைத் திருப்பித் தருமா, ரசீது காட்டினால் தருமா, ஒரு வருடத்துக்குள் விலகினால் திரும்பக் கேட்குமா என்பது கடிதத்தில் இல்லையென்றால் உங்கள் பையிலிருந்துதான் போகும்.

வரிசையும் முக்கியம். கையெழுத்திட்டு அனுப்பி, கிடைத்தது என்று பதில் வந்த பிறகுதான் பழைய இடத்தில் ராஜினாமா. அதற்கும் முன், 'இந்த நியமனம் பின்புலச் சரிபார்ப்புக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் உட்பட்டது' என்ற வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இருந்தால், உங்கள் சம்மதத்துக்குப் பிறகும் நிறுவனத்துக்கு ஒரு கதவு திறந்தே இருக்கிறது. சரிபார்ப்பு எப்போது முடியும் என்று கேட்டு, முடிந்தால் அதற்குப் பிறகே ராஜினாமா கடிதத்தைக் கொடுப்பது பத்திரம். ஏற்ற பிறகு நிறுவனம் காரணமில்லாமல் பின்வாங்கினால் இழப்பீடு கேட்கலாம். ஆனால் 'என்னை வேலைக்கு வைத்தே ஆக வேண்டும்' என்று தனியார் நிறுவனத்தை நீதிமன்றம் பொதுவாகக் கட்டாயப்படுத்துவதில்லை. இழப்பீடும் எளிதில் கிடைப்பதில்லை.

கல்லூரி வளாகத் தேர்வில் தேர்வானவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கையில் இருப்பது ஆஃபர் லெட்டரா, 'லெட்டர் ஆஃப் இன்டென்ட்' என்ற விருப்பக் கடிதமா? இரண்டாவதில் சேரும் தேதி இருக்காது. 'பின்னர் தெரிவிக்கப்படும்' என்று மட்டும் இருக்கும். அந்தப் 'பின்னர்' ஒரு வருடத்துக்கு மேல் இழுத்த அனுபவம் பல மாணவர்களுக்கு உண்டு. அதை நம்பி மற்ற வாய்ப்புகளை விட்டுவிட வேண்டாம்.

வேலையில் சேரும் நாளில் நியமனக் கடிதம் என்று தனியாக ஒன்று தருவார்கள். புதிய சட்டத் தொகுப்புகள் ஒவ்வொரு ஊழியருக்கும் அதைத் தருவதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஆஃபர் லெட்டரைவிட அது நீளமாக இருக்கும், சேரும் அவசரத்தில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்குவார்கள். நோட்டீஸ் நாட்கள், தகுதிகாண் நீட்டிப்பு, வேரியபிள் பே ஆகிய மூன்று பத்திகளை மட்டுமாவது பழைய கடிதத்தோடும் அந்த மின்னஞ்சல்களோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் அன்று மாலைக்குள் ஹெச்ஆருக்கு எழுதி, எந்தக் கடிதம் செல்லும் என்று கேளுங்கள்.